ஸ்டாக் எண்ணிய தாளை எக்செலில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்தில் ஒரு பிளம்பிங் கடை என்று வைத்துக்கொள்வோம். ரோட்டோரத்தில் கடை, குழித்துறையில் குடோன். வருடக் கடைசியில் இரண்டு இடத்திலும் சரக்கை எண்ணித் தாளில் எழுதியிருக்கிறார்கள். கடைத் தாளில் பி-2 ரேக்குக்கு நேராக ‘முக்கால் எல்போ 2 பெ + 17’. குடோன் தாளில் அதே எல்போ ‘6 பெ’. பெட்டிக்கு 50 எண்ணம். கணினி இருப்பு 392.

இதை ஏற்றுபவர் பெரும்பாலும் மனதிலேயே கூட்டி, ‘முக்கால் எல்போ, 417’ என்று ஒரே வரியாகத் தட்டிவிடுவார். 25 அதிகம் என்று வரும். ஆனால் எங்கே அதிகம் என்று அந்த வரி சொல்லாது. இரண்டு இடத்தையும் திரும்ப எண்ண வேண்டும். தாளில் இரண்டு வரி என்றால் எக்செலிலும் இரண்டு வரிதான் வேண்டும். பி-2 117, குடோன் 300 என்று தனித்தனியாக இருந்தால் சந்தேகம் நேரே குடோனுக்குப் போகும். உதிரியே இல்லாமல் முழுப் பெட்டியாக மட்டும் எழுதியிருக்கும் வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரித்த பெட்டியையும் முழுப் பெட்டியாக எண்ணிவிடுவது குடோனில் வழக்கமாக நடப்பது. இங்கே 5 முழுப் பெட்டி, பிரித்த பெட்டியில் 25, மொத்தம் 275. கடையின் 117-ஐச் சேர்த்தால் 392, கணக்கு நேராகிவிடும்.

ஆகவே தட்டும்போது கணக்குப் போடாதீர்கள். A-இல் தாள் எண்ணும் வரி எண்ணும், B-இல் இடம், C-இல் பொருள் குறியீடு, D-இல் தாளில் எழுதியபடியே, E-இல் பெட்டி, F-இல் ஒரு பெட்டிக்கு எத்தனை, G-இல் உதிரி. H-ஐ எக்செல் கணக்கிடட்டும்:

```
=IF(COUNT(E2,G2)=0,"",E2*F2+G2)
```

வெறும் `=E2*F2+G2` போட்டால் எண்ணாமல் விட்ட வரியிலும் 0 விழும். ‘எண்ணினோம், சரக்கு இல்லை’ என்பது வேறு, ‘எண்ணவே இல்லை’ என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் இருக்கிற சரக்கையே காணோம் என்று எழுதித் தள்ளிவிடுவோம். தாளில் கோடு போட்டிருந்தாலும் அதை 0 என்று ஊகிக்கக் கூடாது. எண்ணியவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

அடுத்தது ‘மேற்படி’ குறி. தாளில் எல்போவுக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு ‘45 டிகிரி’ என்று எழுதியிருப்பார்கள். அளவு மட்டும் மேற்படியா, ரேக்கும் மேற்படியா என்று எழுதியவருக்குத்தான் தெரியும். குறியை அப்படியே ஏற்றிவிட்டுப் பிறகு வரிசைப்படுத்தினால் அது வேறொரு பொருளுக்குக் கீழே போய் உட்காரும், அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு வரியிலும் இடத்தையும் பொருளையும் முழுசாக எழுதிவிட்டுத்தான் வரிசைப்படுத்தலைத் தொட வேண்டும்.

பைப் அளவுக்கென்று தனிக் கட்டம் வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. 3/4 என்று தட்டியதும் எக்செல் அதைத் தேதியாக்கி 03-Apr என்று காட்டும். 1/2 என்றால் 01-Feb. பிறகு கட்டத்தை Text ஆக மாற்றினாலும் ஐந்து இலக்க எண் ஒன்றுதான் மிஞ்சும், பழைய 3/4 திரும்பாது. தட்டத் தொடங்கும் முன்பே அந்தக் கட்டத்தையும் குறியீட்டுக் கட்டத்தையும் Text ஆக்கிவிடுங்கள். 0 என்று தொடங்கும் குறியீடுகளும் அப்போதுதான் தப்பும்.

ஒப்பிடும் இடத்தில் VLOOKUP போடுவது பலருக்குக் கைப்பழக்கம். அது முதலில் கண்ட வரியோடு நின்றுவிடும். நம் எல்போவுக்கு 117 மட்டும் எடுத்து, 275 குறைவு என்று பயமுறுத்தும். கணினிப் பட்டியலின் குறியீடு K-இல் இருந்தால் இப்படிப் போடலாம்:

```
=IF(COUNTIFS(C:C,K2,H:H,">=0")=0,"எண்ணவில்லை",SUMIFS(H:H,C:C,K2))
```

கணினியில் கடைக்கும் குடோனுக்கும் தனி இருப்பு இருந்தால் B-ஐயும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: கடையில் எண்ணி, குடோனில் விட்டுப்போன பொருளுக்கு இந்தச் சூத்திரம் ‘எண்ணவில்லை’ என்று சொல்லாது. அதனால் ஒப்பிடும் முன்பே H காலியாக உள்ள வரிகளை வடிகட்டிப் பாருங்கள். கணினிப் பட்டியலில் இருந்து இந்தச் சூத்திரத்தை ஓட்டுவதால், கணினியில் இல்லாமல் தாளில் மட்டும் இருக்கும் சரக்கும் கண்ணில் படாது. அதற்கு எதிர்ப்பக்கம் ஒருமுறை, தாளின் ஒவ்வொரு குறியீடும் K-இல் இருக்கிறதா என்று `COUNTIF` போட்டுப் பார்க்க வேண்டும்.

வித்தியாசம் வந்த வரிக்கு A கட்டத்தில் உள்ள தாள் எண்ணைப் பிடித்து, மூலத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ரேக்குக்கே போங்கள். 1-ஐ 7 என்று வாசித்ததா, பெட்டிக்கு 50-க்குப் பதில் 25 போட்டதா என்பது அங்கே நின்று பார்த்தால் தெரிந்துவிடும். அதுவரை கணினி இருப்பில் கை வைக்க வேண்டாம்.