“உடனே எடுத்துச் செல்லவும்” என்று அனுப்பினால் யாரும் வருவதில்லை

மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் கடைக்காரர் எவருக்கும் தெரியும், கடையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு இருப்பது ரிப்பேருக்கு வந்த பொருள் அல்ல, ரிப்பேர் முடிந்த பொருள். உதிரி பாகத்துக்கு நம் கைக்காசு போயிருக்கும். வேலை முடிந்திருக்கும். ஆள் மட்டும் வரமாட்டார். பரண் நிரம்பிய ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் போனை எடுத்து நான் அனுப்பிய செய்தி இது:

“அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! ரிப்பேர் முடிந்த பொருட்களை உடனடியாக எடுத்துச் செல்லவும். தவறினால் பொருட்கள் விற்கப்படும். நிர்வாகம் பொறுப்பல்ல.”

இருபத்து மூன்று பேருக்குப் போனது. வந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் சண்டை போட வந்தவர்.

அந்தச் செய்தியில் இருந்த முதல் கோளாறு, அது யாருக்கும் எழுதப்படவில்லை என்பதுதான். எந்தக் கடை, எந்தப் பொருள் என்று ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் நம் நம்பரைப் பெயர் போட்டு வைத்திருக்கமாட்டார். போன் திரையில் முதல் வரி மட்டும்தான் தெரியும். அதில் “அன்பார்ந்த வாடிக்கையாளர்களே” என்று இருந்தால் நகைக்கடை விளம்பரம் என்று தள்ளிவிடுவார். அதோடு, நம்மிடம் இருக்கும் நம்பர் பல நேரம் பொருள் கொடுத்தவருடையது அல்ல. அம்மா மிக்ஸியைக் கொடுத்துவிட்டு வெளியூரில் இருக்கும் மகன் நம்பரைச் சொல்லியிருப்பார். “சிவப்பு மிக்ஸி, ஆகஸ்ட் 12 கொடுத்தது” என்று இருந்தால்தான் அவன் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல முடியும்.

வாட்ஸாப்பில் எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. ஒருவர் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும், போதாததற்கு “காசு கொடுக்காதவர் பட்டியல்” என்ற அவமானமும் சேரும். பிராட்காஸ்ட் பட்டியலிலும் ஒரு சிக்கல்: நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். இருபது பேர்தானே, தனித்தனியாக அனுப்பினால் அரைமணி நேரம்.

சாதாரண எஸ்.எம்.எஸ். என்றால் நீளத்தையும் பார்க்கவேண்டும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70தான். அதிலும் கொம்பு, புள்ளி எல்லாம் தனியாக எண்ணப்படும். நாம் மூன்று எழுத்தாகப் படிக்கும் ‘மிக்ஸி’ அங்கே ஆறு. அதனால் வணக்கத்தையும் வாழ்த்தையும் முன்னால் வைக்காமல், கடைப் பெயரையும் பொருளையும் முதலில் வையுங்கள்.

அடுத்தது பணம். இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். ஒரு அக்கா மிக்ஸி கொடுத்தபோது கப்ளரும் கார்பன் பிரஷ்ஷும் மாற்றினால் போதும் என்று நினைத்து 450 ரூபாய் சொல்லி, 300 அட்வான்ஸ் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் ஆர்மேச்சர் கருகியிருந்தது. அதையும் சரிசெய்து, மொத்தம் 1,150 ஆனது. “850 ரூபாயுடன் வரவும்” என்று செய்தி போட்டேன். அவர் கணக்குப்படி பாக்கி 150. மூன்று மாதம் ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பிறகு சந்தையில் பார்த்தபோதுதான் சொன்னார், ஏமாற்றுகிறேன் என்று நினைத்து மிக்ஸி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாராம்.

தவறு அந்தச் செய்தியில் அல்ல, அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. ரேட் ஏறினால் வேலையைத் தொடுவதற்கு முன் போனில் பேசிச் சம்மதம் வாங்கவேண்டும். செய்தியில் ஏற்றம் முதன்முறையாகத் தெரியவரக் கூடாது. பேசிய பிறகும் செய்தியில் வெறும் பாக்கியை மட்டும் போடாமல் மொத்தம், அட்வான்ஸ், பாக்கி மூன்றையும் போடுங்கள். பணம் கட்டுகிற லிங்க் எதையும் சேர்க்காதீர்கள். தெரியாத நம்பரிலிருந்து லிங்க் வந்தால் இன்றைக்கு யார்தான் நம்புவார்கள்?

சரி, “விற்கப்படும்” என்ற வரிக்கு வருவோம். எங்கள் தெருவில் முக்கால்வாசி சீட்டில் “30 நாட்களுக்குமேல் கடை பொறுப்பல்ல” என்று அச்சடித்திருக்கிறது, என் சீட்டிலும்தான். அதை நம்பித்தான் அப்படி எழுதினேன். சண்டைக்கு வந்தவர் கோர்ட்டில் குமாஸ்தா. அவர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு, கூலி வரும்வரை பொருளைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்துக்கொள்ளும் உரிமையை ரிப்பேர்காரருக்குத் தருகிறது. நிறுத்தி வைக்கத்தான், விற்க அல்ல. விற்கும் உரிமை 176ஆவது பிரிவில் அடகு பிடித்தவருக்கு இருக்கிறது. மிக்ஸியை யாரும் நம்மிடம் அடகு வைக்கவில்லை. இன்னொன்று, 151ஆவது பிரிவுப்படி அந்தப் பொருளை நம் சொந்தப் பொருளைப்போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமையும் நம்முடையது. பரணில் எலி ஒயரைக் கடித்துவிட்டால், அதற்கு வாடிக்கையாளரைக் குறை சொல்ல முடியாது.

நாள் வாடகையும் அப்படித்தான். பொருளை வாங்கும்போதே சொல்லி, சீட்டில் எழுதி, அவரும் ஒப்புக்கொண்டிருந்தால் கேட்கலாம். திடீரென்று செய்தியில் “தினம் 10 ரூபாய்” என்று போட்டால் அது மிரட்டல். மிரட்டினால் வரவேண்டியவரும் வரமாட்டார். பாக்கி 200 ரூபாயாக இருந்தவர் வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறதோ என்று பயந்து அந்தத் தெரு வழியாகவே போகமாட்டார்.

வராததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. சீட்டைத் தொலைத்தவர் நிறைய. சீட்டு இல்லாமல் கொடுக்கமாட்டார்கள் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பார்கள். இதை நான் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். சீட்டு தொலைந்தாலும் வரலாம் என்று ஒரு வரி சேர்த்ததும் அந்த வாரமே நான்கு பொருள் போனது. அப்புறம், மாதக் கடைசியில் அனுப்பாதீர்கள். ஒன்றாம் தேதியிலிருந்து ஏழுக்குள் அனுப்புங்கள், கையில் காசு இருக்கும்.

இப்போது நான் அனுப்புவது இப்படி:

“மேலத்தெரு மிக்ஸி கடை. ஆகஸ்ட் 12 கொடுத்த சிவப்பு மிக்ஸி, சீட்டு எண் 418, ரெடி. போனில் பேசியபடி மொத்தம் 1,150, அட்வான்ஸ் 300, பாக்கி 850. காலை 10 முதல் இரவு 8 வரை, ஞாயிறு லீவு. சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, இந்த நம்பரிலிருந்து ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள். என்றைக்கு வருவீர்கள் என்று பதில் போடுங்கள்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். “உடனடியாக” என்றால் யாரும் பதில் போடமாட்டார்கள். என்றைக்கு என்று கேட்டால் “சனிக்கிழமை அண்ணே” என்று ஒரு பதில் வரும், அல்லது “புதுசு வாங்கிவிட்டோம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று வரும். இரண்டாவது பதில் வந்தால் அதை அழிக்காமல் வையுங்கள், சீட்டு எண்ணோடு அவரே எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது. பொருளைக் கைமாற்றுவதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே சம்மதம் அதுதான்.

இரண்டு முறை அனுப்பியும் பதில் இல்லை என்றால், முகவரி இருந்தால் இதையே தாளில் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைச் சீட்டோடு பின் அடித்து வைக்கிறேன். முகவரியும் இல்லாமல், நம்பரும் உபயோகத்தில் இல்லாமல் ஒரு டேபிள் ஃபேன் இன்னும் பரணில் இருக்கிறது. மாதம் ஒருமுறை தூசி தட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் சாக்கில் கட்டி வைக்கிறேன்.