முதலில் சுவர், அப்புறம் கத்தரிப்பு

வாடகை விளம்பரத்துக்காகப் படுக்கையறையைப் படம் எடுத்தேன். இடது ஓரத்தில் துணி ஸ்டாண்ட், வலது ஓரத்தில் தொங்கும் சார்ஜர் வயர். இரண்டையும் முதலில் கத்தரித்தேன். அதுவரை கண்ணில் படாத சாய்வு உடனே தெரிந்தது: ஜன்னல் பக்கத்துச் சுவரின் மூலை இப்போது படத்தின் விளிம்பை ஒட்டியே நின்றது; இரண்டுக்கும் நடுவே மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் ஆப்பு மாதிரி ஓர் இடைவெளி.

போனைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்திருந்தேன். அதனால் இரு பக்கச் சுவர்களும் கீழே நெருங்கிவிட்டன. படத்தைச் சுழற்றிப் பார்த்தேன். ஒரு சுவர் நிமிர்ந்தால் மற்றது இன்னும் சாய்ந்தது. செங்குத்துப் பெர்ஸ்பெக்டிவ் ஸ்லைடரை நகர்த்தினேன். சுவர்கள் நிமிர்ந்தன, ஆனால் அந்தத் திருத்தம் ஓரங்களைத் தின்றதில் ஜன்னலின் மேல்மூலை போய்விட்டது.

மூலப்படத்துக்கே திரும்பினேன். முதலில் பெர்ஸ்பெக்டிவ், கட்டக் கோடுகளோடு சுவர் மூலையும் கதவு நிலையும் இணையாகும் வரை. அப்புறம்தான் கத்தரிப்பு. திருத்தமே வயரை வெளியே தள்ளியிருந்தது. ஸ்டாண்டை மட்டும் வெட்டினேன். ஜன்னல் முழுசாக நின்றது.

அடுத்த அறைக்குப் போனை நெஞ்சு உயரத்தில் நிமிர்த்திப் பிடித்து, இரண்டடி பின்னே நின்று எடுத்தேன். ஸ்லைடரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.