லித்தியம் வெளியேறினால் கேத்தோடு சுருங்குமா? சார்ஜ் வளைவைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூட்டையிலிருந்து அரிசியை அள்ள அள்ள மூட்டை தொய்ந்து போகும். லித்தியம் பேட்டரியைப் புதிதாகப் படிக்கிறவர்கள் கேத்தோடுக்கும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். சார்ஜ் ஏற்றும்போது கேத்தோடிலிருந்து லித்தியம் வெளியே போகிறது, ஆகவே அது சுருங்கியாக வேண்டும் என்று. அங்கே தொடங்கும் தவறு, வோல்ட்டேஜ் வளைவைப் பார்த்து முடிவு சொல்லும்போது இன்னும் ஐந்து தவறுகளாகக் கிளைவிடுகிறது.

எல்லா அடுக்கு ஆக்சைடுகளையும் இழுத்துப் போட வேண்டாம். லித்தியம் கோபால்ட் ஆக்சைடு, அதாவது LiCoO₂, ஒன்றே போதும். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப்பின் குழு இதைக் கேத்தோடாகக் காட்டியது. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியிலும் இதுதான் இருந்தது. இன்றும் கைபேசிகளில் இருக்கிறது.

இதன் அமைப்பு எளிது. கோபால்ட்டும் ஆக்சிஜனும் சேர்ந்த தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. தகடுகளின் இடைவெளியில் லித்தியம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கு 4.68 ஆங்ஸ்ட்ரம். மூன்று தகடு ஏறினால் அடுக்குமுறை திரும்ப ஆரம்பிக்கும், எனவே அலகுக் கூட்டின் உயரமான c சுமார் 14.05 ஆங்ஸ்ட்ரம். சார்ஜ் ஏறும்போது மிச்சமிருக்கும் லித்தியத்தின் பங்கை x என்று எழுதுவார்கள்: LiₓCoO₂. முழுதாக இருந்தால் x = 1.

சரி, லித்தியத்தை எடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகிறது? தகடுகள் விலகுகின்றன. பாதி லித்தியம் போகும் வரை c வளர்ந்து 14.4 ஆங்ஸ்ட்ரத்தைத் தொடுகிறது. காரணம், லித்தியம் அங்கே இடத்தை அடைத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. எதிரெதிர்த் தகடுகளில் உள்ள ஆக்சிஜன்கள் இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டவை. ஒன்றையொன்று தள்ளும். நடுவில் இருக்கும் நேர்மின் லித்தியம்தான் அந்தத் தள்ளலை அடக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. சண்டைக்காரர்களுக்கு நடுவே நின்ற ஆள் நகர்ந்தால் இருவரும் விலகிப் போவது போல.

பாதிக்கு மேல் எடுத்தால் கதை திரும்புகிறது. ஆக்சிஜனிடமிருந்தே எலக்ட்ரான் அடர்த்தி குறைய ஆரம்பிப்பதால் தள்ளல் தளர்கிறது, c இறங்குகிறது. லித்தியம் மொத்தமும் போய் வெறும் CoO₂ ஆகும்போது தகட்டு இடைவெளி சுமார் 4.3 ஆங்ஸ்ட்ரம்தான். அரிசி மூட்டைக் கணக்கு கடைசிப் பகுதிக்கு மட்டும் பொருந்துகிறது, அதுவும் வேறு காரணத்தால்.

இதை எக்ஸ்-கதிர் படத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். செம்பு எக்ஸ்-கதிரில், தகட்டு இடைவெளி கூடினால் இடப்பக்கம் நகரும் 003 என்ற உச்சம் தொடக்கத்தில் 18.9 டிகிரிக்கு அருகில் நிற்கும். சார்ஜ் ஏற ஏற இடப்பக்கம் நகர்ந்து 18.4 பக்கம் வரும், அப்புறம் வலப்பக்கம் திரும்பும். உச்சம் இடப்பக்கம் போவதைப் பார்த்து, லித்தியம் உள்ளே போகிறது போல, கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று குழம்புகிறவர்கள் உண்டு. கம்பி சரியாகத்தான் இருக்கும்.

இரண்டாவது தவறு கொஞ்சம் நுட்பமானது: தகடுகள் விலகுவதால் வோல்ட்டேஜ் ஏறுகிறது என்று சொல்வது. மேலே சொன்னதை வைத்தே இதை உடைத்துவிடலாம். c ஏறி இறங்குகிறது. ஆனால் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால் வோல்ட்டேஜ் ஏறும் அல்லது நிற்கும், இறங்காது. அப்படியானால் ஒரே c மதிப்பு ஏறும் வழியில் ஒரு தடவையும் இறங்கும் வழியில் ஒரு தடவையும், இரண்டு வெவ்வேறு வோல்ட்டேஜில் வரும். ஒன்று மற்றொன்றைத் தீர்மானிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

வோல்ட்டேஜ் என்பது கேத்தோடிலிருந்து இன்னொரு லித்தியத்தை, அதன் எலக்ட்ரானோடு சேர்த்து, எதிர்முனைக்குக் கொண்டுபோக ஆகும் ஆற்றல். கட்டிலா ஆற்றலை x-க்கு எதிராக வரைந்தால் அந்தக் கோட்டின் சரிவுதான் வோல்ட்டேஜாக வெளியே தெரிகிறது. அமைப்பு எப்படி இருக்கும் என்பதையும் அதே கட்டிலா ஆற்றல்தான் முடிவு செய்கிறது. ஆகவே அமைப்பும் வோல்ட்டேஜும் ஒரே சம்பவத்தின் இரண்டு சாட்சிகள். ஒரு சாட்சி சொல்வதை மற்றவரிடம் கேட்டு உறுதி செய்யலாம். ஒருவரை மற்றவருக்குக் காரணம் ஆக்கக் கூடாது.

அந்தச் சாட்சியம் எப்படி ஒத்துப்போகிறது என்பதை LiCoO₂-இன் முதல் பகுதியில் நன்றாகப் பார்க்கலாம். x ஏறக்குறைய 0.94-இலிருந்து 0.75 வரை போகும்போது, லித்தியம் உலோகத்துக்கு எதிராக அளந்தால் வோல்ட்டேஜ் 3.93 வோல்ட் அருகே தட்டையாக நிற்கிறது. பனிக்கட்டியும் தண்ணீரும் சேர்ந்திருக்கும் பாத்திரத்தில் சூடு ஏற்றினாலும், கட்டி உருகி முடியும் வரை வெப்பமானி நகராது அல்லவா, அதே விஷயம். லித்தியம் அதிகமுள்ள ஒரு ஃபேஸும் குறைவாக உள்ள ஒரு ஃபேஸும் கூடவே இருக்கின்றன. நாம் எடுக்கும் லித்தியம் ஒன்றை மற்றொன்றாக மாற்றத்தான் செலவாகிறது. எக்ஸ்-கதிர்ப் படத்திலும் அப்படியே தெரியும். இரண்டு 003 உச்சங்கள் இருக்கும், இடத்தை விட்டு அசையாது. ஒன்று தேயும், மற்றது வளரும். அந்தப் பகுதி தாண்டியதும் வோல்ட்டேஜ் சரிவாக ஏற ஆரம்பிக்கும், ஒற்றை உச்சம் வழுக்கிக்கொண்டு நகரும். உச்சம் நகர்கிறதா, இல்லை உச்சங்கள் கைமாறுகின்றனவா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இங்கேதான் மூன்றாவது தவறு. தட்டையான பகுதியைக் கண்டதும் புது அமைப்பு வந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். 3.93 வோல்ட்டில் இருக்கும் இரண்டு ஃபேஸ்களுக்கும் அடுக்குமுறை ஒன்றுதான், சமச்சீரும் ஒன்றுதான். c மட்டும் கொஞ்சம் வேறு. மாறுவது எலக்ட்ரான்களின் நிலை: லித்தியம் நிறைந்தது மின்கடத்தாப் பொருள் போல நடந்துகொள்கிறது, குறைந்தது உலோகம் போலக் கடத்துகிறது. மாறாக, x = 0.5-இல் சமச்சீரே உடைகிறது. மிச்சமிருக்கும் லித்தியங்கள் வரிசை வரிசையாக ஒழுங்குபட்டு, அறுகோண அமைப்பு ஒற்றைச்சரிவு அமைப்பாகிறது. வளைவில் இதற்குத் தெரிவதோ ஒரு சின்ன மடிப்பு, அவ்வளவுதான். வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் அதுவும் மறைந்துவிடும்.

அந்த மடிப்பைப் பிடிக்க வளைவை dQ/dV ஆக்கி, அதாவது வோல்ட்டேஜ் துளி ஏற எவ்வளவு சார்ஜ் ஆகிறது என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 3.92 வோல்ட் பக்கம் ஓங்கிய ஓர் உச்சம், 4.06, 4.17 பக்கம் இரண்டு குட்டி உச்சங்கள். குட்டி உச்சங்களுக்கு நடுவிலிருக்கும் பள்ளம்தான் ஒழுங்கு நிலை. அந்த வரிசை நிலையாக இருப்பதால் அதைக் கலைக்கக் கூடுதல் ஆற்றல் வேண்டும், வோல்ட்டேஜ் அங்கே சட்டென ஏறும், dQ/dV இறங்கும். டிஸ்சார்ஜிலும் இதே ஜோடி சற்றுக் கீழே தென்பட வேண்டும். கரண்ட்டைக் குறைத்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்க வேண்டும். சார்ஜில் மட்டும் தெரிந்து டிஸ்சார்ஜில் காணாமல் போகும் உச்சத்தை நான் ஃபேஸ் மாற்றம் என்று எழுத மாட்டேன்.

நானே மாட்டிக்கொண்டது நான்காவது. கிராஃபைட் எதிர்முனையோடு செய்த முழு செல் ஒன்றில் 3.82 வோல்ட் பக்கம் இரண்டு உச்சமும் நடுவில் பள்ளமும் வந்தன. பார்ப்பதற்கு ஒழுங்கு நிலையின் கையெழுத்தேதான். நோட்டில் அப்படியே எழுதியும் வைத்தேன். அப்புறம் லித்தியம் துண்டு ஒன்றை மூன்றாவது முனையாகச் செருகி இரண்டு முனைகளையும் தனித்தனியாக அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கிராஃபைட் பாதி நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் சுமார் 0.12 வோல்ட்டிலிருந்து 0.085-க்கு இறங்குகிறது. செல் வோல்ட்டேஜ் என்பது இரண்டு முனைகளின் வித்தியாசம், ஆகவே இந்த இறக்கம் வெளியே ஏற்றமாகத் தெரிந்திருக்கிறது. கேத்தோடு அந்நேரம் 3.93 வோல்ட்டில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தது. முழு செல்லின் வளைவை மட்டும் வைத்துக் கேத்தோடைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் ஆகும்.

x-ஐக் கணக்கிடுவதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. LiCoO₂-இன் மோலார் நிறை 97.87 கிராம், எனவே லித்தியம் முழுவதும் வெளியேறினால் கிராமுக்கு 274 மில்லிஆம்பியர்-மணி. காயின் செல்லில் அலுமினியத் தகட்டை நீக்கிய பூச்சு 12.5 மில்லிகிராம் என்று வையுங்கள். அதில் கார்பனும் பைண்டரும் போக 80 சதவீதம், அதாவது 10 மில்லிகிராம், செயல்படும் பொருள். அதன் முழுக் கொள்ளளவு 2.74 மில்லிஆம்பியர்-மணி. 0.137 மில்லிஆம்பியரில் 10 மணி நேரம் ஏற்றினால் 1.37 போகும், x = 0.5. பூச்சின் மொத்த எடையையே போட்டுவிட்டால் கொள்ளளவு 3.42 என்று வரும், x = 0.6 என்று தோன்றும். ஒழுங்கு மடிப்பு 0.6-இல் வருவதாகப் புதுக் கண்டுபிடிப்பும் வந்து சேரும்! இன்னொன்று: உயர் வோல்ட்டேஜில் எலக்ட்ரோலைட் ஆக்சிஜனேற்றமாவதற்குச் செலவான கரண்ட்டும் லித்தியம் கணக்கில் ஏறிவிடும். திரும்ப டிஸ்சார்ஜில் கிடைக்கும் அளவையும் c மதிப்பையும் ஒப்பிட்டால் பொய்க் கணக்கு தெரிந்துவிடும்.

கடைசியாக, 4.2 வோல்ட் என்றால் கேத்தோடு காலி என்ற எண்ணம். லித்தியத்துக்கு எதிராக 4.2 வோல்ட்டில் கிடைப்பது கிராமுக்கு 140 பக்கம்தான், பாதி லித்தியம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. மீதியை எடுக்கலாம், ஆனால் 4.55 வோல்ட் அருகே தகடுகள் பக்கவாட்டில் நழுவி அடுக்குமுறையே மாற ஆரம்பிக்கிறது. c சடாரென விழும். ஒரே துகளின் ஒரு பகுதி சுருங்கி, பக்கத்துப் பகுதி சுருங்காமல் நின்றால் விரிசல் விடும். இன்றைய கைபேசி செல்கள் 4.4 வோல்ட், அதற்கும் சற்று மேலே போகின்றன என்றால், அது முழு செல்லின் எண். கிராஃபைட்டின் 0.1 வோல்ட்டைக் கூட்டினால் கேத்தோடு உண்மையில் 4.5-இல் நிற்கிறது, அந்த நழுவலுக்கு ஓரடி முன்னால். 4.4 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, லித்தியம் உலோகத்தை எதிர்முனையாக வைத்த அரை செல்லையும் அதே 4.4-இல் நிறுத்திச் சோதித்து, பொருள் அருமையாகத் தாங்குகிறது என்று எழுதுகிறவர் சோதித்தது கைபேசிக்குள் இருக்கும் நிலையை அல்ல, அதைவிட 0.1 வோல்ட் சொகுசான ஒன்றை.