போட்டிக்கான பேச்சுப் பதிவை Audacity-யில் வெட்டிச் சீராக்குவது எப்படி?

கிராமத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், பேச்சுப் போட்டிக்காக முதன்முறையாகத் தன் குரலைப் போனில் பதிவு செய்திருக்கிறாள். தலைப்பு, நீர் சேமிப்பு. பதிவின் நீளம் 3 நிமிடம் 42 விநாடி. அனுமதி 3 நிமிடம்தான். 42 விநாடியை எங்கே குறைப்பது என்பதை அவள் பதிவை வைத்தே பார்ப்போம்.

முதலில் போட்டி விதியைப் படியுங்கள். வெட்டி ஒட்டாத பதிவுதான் வேண்டும் என்று சில போட்டிகளில் கேட்பார்கள். அப்படியானால் மறுபடி பேசிப் பதிவு செய்வதுதான் வழி. தடை இல்லையென்றால், பதிவை இன்னொரு பிரதி எடுத்துவிட்டு அந்தப் பிரதியில் மட்டும் கை வையுங்கள். போனிலேயே வெட்டும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரல் நுனியால் ஒரு சொல்லின் விளிம்பைப் பிடிப்பது கடினம். பள்ளிக் கணினியில் Audacity என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள் இருந்தால் போதும்.

தலையும் வாலும் எளிது. பொத்தானைத் தட்டிய சத்தம், தொண்டையைச் செருமியது என்று முன்னால் 7 விநாடி, "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டது பின்னால் 6 விநாடி. சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்து `Delete` அழுத்தினாள். முதல் சொல்லுக்கு முன் அரை விநாடி அமைதியை விட்டுவைத்தாள். இப்போது 3:29.

அடுத்தது தடுமாறிய இடம். "குளத்தைத் தூர் வா..." என்று நிறுத்தி, சற்று யோசித்துவிட்டு, அதே வரியை முதலிலிருந்து சொல்லியிருக்கிறாள். முதல் முயற்சியும் அதன் பிறகான தயக்கமும் சேர்ந்து 12 விநாடி. இங்கே வெட்டும் இடம் முக்கியம். தடுமாறிய வரிக்கு முன்னால் மூச்சு இழுக்கும் ஒலி தொடங்கும் இடத்திலிருந்து, சரியான வரிக்கு முன்னால் மூச்சு தொடங்கும் இடம் வரை எடுங்கள். மூச்சும் அதற்குரிய வரியும் ஒன்றாகவே இருப்பதால் ஒட்டு தெரியாது. மூச்சின் நடுவில் வெட்டினால் விக்கல் போலக் கேட்கும். தேர்ந்தெடுத்ததும் `Z` அழுத்தினால் விளிம்புகள் அலை பூஜ்யத்தைத் தொடும் இடத்துக்கு நகரும். ஒட்டில் "டிக்" என்ற சத்தம் வருவது பெரும்பாலும் நின்றுவிடும். `C` அழுத்தினால் வெட்டிய பிறகு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கேட்கலாம். இப்போது 3:17.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். வரிகளுக்கு இடையே இருக்கும் நீண்ட இடைவெளிகளைக் குறைக்க வேண்டும். அலைப்படத்தில் தட்டையாகத் தெரிவதெல்லாம் இடைவெளி என்று அவளும் நினைத்தாள். "மக்கள் குடிக்க" என்ற இடத்தில் தெரிந்த ஒரு சிறு தட்டையை நறுக்கினாள். கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, "யாரு மகள் குடிக்கணும்?" என்றார்.

க்க, ட்ட, த்த, ப்ப போன்ற இரட்டை வல்லினத்தைச் சொல்லும்போது வாய் ஒரு கணம் முழுதாக அடைபடும். அப்போது ஒலியே வராது. படத்தில் அது தட்டையாகத் தெரிந்தாலும் சொல்லின் உள்ளே இருப்பது. அதைக் குறைத்தால் இரட்டை எழுத்து ஒற்றை போலக் கேட்கும். நேர்மாறாக, "வேண்டும்" போன்ற சொற்களின் கடைசி "ம்" மெல்லத் தேய்வதால், படத்தைப் பெரிதாக்காமல் பார்த்தால் சொல் முன்பே முடிந்ததுபோல் தோன்றும். அங்கே வெட்டினால் "வேண்டு" என்று நின்றுவிடும். ஆகவே `Ctrl+1` அழுத்திப் பெரிதாக்குங்கள். கண்ணால் பார்த்ததைக் காதால் கேட்டு உறுதிசெய்த பிறகே வெட்டுங்கள். தவறினால் `Ctrl+Z`.

அவள் அதை மீட்டுவிட்டு, வரி முடிவில் ஒன்றரை விநாடி நீண்ட 8 இடைவெளிகளை மட்டும் முக்கால் விநாடியாக்கினாள். மொத்தம் 6 விநாடி குறைந்தது: 3:11. இதைத் தானாகச் செய்யும் `Truncate Silence` வேண்டாம். கேள்வி கேட்டுவிட்டு அவள் வேண்டுமென்றே விட்ட நிறுத்தத்தையும் அது விழுங்கிவிடும்.

மீதி 11 விநாடியை அமைதியிலிருந்து எடுக்க முயன்றால் பேச்சு மூச்சிரைக்கும். அதற்குப் பதில் ஒரு கருத்தையே எடுங்கள். கிணறு பற்றி ஒன்று, குளம் பற்றி ஒன்று என இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்லியிருந்தாள். கிணற்றுப் பகுதி 14 விநாடி. அடுத்த வரி "அதேபோல" என்று தொடங்கியதால் அந்தச் சொல்லையும் சேர்த்தே எடுத்தாள். 2:57-க்குச் சற்றுக் கீழே வந்து நின்றது.

நடுவே கூவிய சேவலை என்ன செய்வது? பேச்சுக்கு அடியில் இருந்தால் விட்டுவிடுங்கள். இடைவெளியில் இருந்தால், அதே பதிவில் வேறோர் அமைதியான துண்டை நகலெடுத்து அதன் மேல் ஒட்டுங்கள். `Ctrl+L` முழு மௌனமாக்கிவிடும். அறையின் மெல்லிய இரைச்சல் திடீரென அறுந்ததுபோல் கேட்கும்.

கடைசியாக `File > Export Audio`, வடிவம் MP3. `.aup3` என்று முடியும் கோப்பு வேலைக்கோப்பு. அதை அனுப்பினால் நடுவரால் நேரடியாகக் கேட்க முடியாது.

பின்சேர்க்கை: போனிலிருந்து வந்த `.m4a` கோப்பு திறக்கவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். விண்டோஸில் அதற்கு FFmpeg என்ற துணை நூலகத்தைத் தனியே நிறுவ வேண்டும். நிறுவ அனுமதி இல்லாத கணினி என்றால், போனின் பதிவுச் செயலி அமைப்பில் WAV இருக்கிறதா என்று பதிவுக்கு முன்பே பாருங்கள்.