மூத்தோருக்குச் செந்தமிழ், இளையருக்குப் பேச்சுத்தமிழா? அறிவிப்பு மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் ஒட்டப்படும் ஆங்கில அறிவிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஒரு முறை, மொட்டைமாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வது பற்றிய அறிவிப்பு வந்தது. மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒன்று, இளையர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு ஒன்று என இரண்டாக எழுதித் தரச் சொன்னார்கள். மூத்தோர் நின்று படிப்பது என்பதால் முதலாவதைச் செந்தமிழில் எழுதினேன். இளையர்களுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று இரண்டாவதைப் பேச்சுத்தமிழில் எழுதினேன். இரண்டுமே பிழையாகப் போயின. இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள் என்பதால், நடந்ததை விரிவாகச் சொல்கிறேன்.

மின்தூக்கிப் பக்கம் ஒட்டியது இப்படி இருந்தது: “நீர்த்தொட்டித் துப்புரவுப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதன் காரணமாக, எதிர்வரும் செவ்வாய்க்கிழமை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை நீர் விநியோகம் தற்காலிகமாகத் தடைசெய்யப்படும் என்பது இதன்வழி அறியத்தரப்படுகிறது. குடியிருப்பாளர்கள் போதிய நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாள் மூன்றாம் மாடிப் பாட்டி ஒருவர் என்னை நிறுத்தி, தண்ணீர்க் கட்டணத்தை யார் கட்டாமல் விட்டார்கள் என்று கவலையோடு கேட்டார். ‘தடைசெய்யப்படும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, யாரோ தண்டனையாகத் தண்ணீரை நிறுத்தப்போகிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். தொட்டியைக் கழுவப் போகிறார்கள் என்ற செய்தி முதல் வரியிலேயே இருந்தும் அவரிடம் போய்ச் சேரவில்லை. ‘துப்புரவுப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதன் காரணமாக’ என்பதில் கழுவுகிறவர் யாரும் இல்லை, கழுவுதலும் இல்லை. வெறும் ‘பணிகள்’தான் இருந்தன.

வாட்ஸ்அப்பில் போனது இது: “செவ்வாய்க்கிழமை தண்ணி வராது. காலைல 9 மணிலேர்ந்து சாயந்தரம் 5 மணி வரைக்கும் டேங்க் கழுவுறாங்க. முன்னாடியே தண்ணி புடிச்சு வச்சுக்குங்க. அந்த நேரத்துல ஹீட்டர போடாதீங்க.”

உயர்நிலை இரண்டில் படிக்கும் எங்கள் மாடிப் பெண் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். ‘மணிலேர்ந்து’ என்ற இடத்தில் நின்றாள். ‘புடிச்சு’ என்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அங்கிள், இது ‘பிடித்து’தானா?” என்று கேட்டாள். வீட்டில் நாள்தோறும் காதில் விழும் சொல்தான் அது. ஆனால் அவள் கண் அதைப் பார்த்ததில்லை. பாடநூலிலும் தேர்வுத்தாளிலும் அவள் பார்த்தது ‘பிடித்து’ மட்டும்தான்.

வயதை வைத்து நடையை முடிவு செய்ததுதான் நான் செய்த முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். சிங்கப்பூரில் ஒருவர் தமிழை எப்படிப் படிக்கிறார் என்பதை முடிவு செய்வது அவர் எங்கே, எந்த வழியில் தமிழ் கற்றார் என்பதே. மூத்தோர் எல்லாரும் ஒரே கூட்டம் அல்லர். தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பள்ளிகளில் கடைசியாக நின்ற உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அங்கே படித்தவர்களும் தமிழ் முரசை நாள் தவறாமல் படிப்பவர்களும் எந்தச் செந்தமிழுக்கும் அஞ்ச மாட்டார்கள். அதே மாடியில், சிறு வயதிலேயே வேலைக்குப் போய்விட்டதால் எழுத்தை மெதுவாகக் கூட்டிப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எழுதப் படிக்கவே வாய்ப்புக் கிடைக்காத பாட்டிகளும் இருக்கிறார்கள். இவர்களை ஒரே நடையில் அடைக்க முடியாது.

இளையர்களின் நிலை வேறு. 1987இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. தமிழ் என்பது தாய்மொழிப் பாடம். 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கும் முறையான இடம் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அந்த இடம் பேசுவதற்கும் கேட்பதற்கும். படிப்பதும் எழுதுவதும் எழுத்துத் தமிழில்தான் நடக்கின்றன. ஆகவே பேச்சுத்தமிழைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தால், இளையருக்குப் பழக்கமே இல்லாத ஒன்றை எளிமை என்ற பெயரில் கொடுக்கிறோம். அவர்கள் தங்களுக்குள் பேச்சுத்தமிழில்தானே செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் அதைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில் தட்டுகிறார்கள். நண்பன் அனுப்பும் வரியைப் புரிந்துகொள்ளும் முறை வேறு, அறிவிப்பைப் படிக்கும் முறை வேறு.

இதற்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பேச்சுத்தமிழுக்கு நிலையான எழுத்துமுறை கிடையாது. ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்பதை நான் ‘வச்சுக்குங்க’ என்று எழுதினேன். இன்னொருவர் ‘வெச்சுக்கோங்க’ என்று எழுதுவார், மற்றொருவர் ‘வச்சிக்கங்க’ என்பார். காதுக்கு மூன்றும் ஒன்று, கண்ணுக்கு மூன்றும் வேறு. ‘ஹீட்டரை’ என்பது ‘ஹீட்டர’ ஆகும்போது உருபு தேய்ந்துவிடுகிறது. சொல் பாதியில் நின்றுவிட்டதா, அச்சுப்பிழையா என்று கண் ஒரு கணம் தயங்குகிறது.

அப்படியானால் எந்த நடையில் எழுதுவது? கடினம் ‘-ங்கள்’ என்ற ஈற்றில் இல்லை, வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது என்பதைத்தான் இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது. எழுத்துத் தமிழைத் தமிழர் பேச்சுத்தமிழாக மாற்றிக்கொண்டேதான் படிக்கிறோம். அறிவிப்பில் ‘பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று படிக்கும் தாத்தா, வீட்டுக்குள் போனதும் மனைவியிடம் ‘புடிச்சு வச்சுக்கச் சொல்றாங்க’ என்று தானாகச் சொல்லிவிடுவார். இந்தப் பாலத்தை நாம் கட்ட வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ‘வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பதை யாராலும் அப்படி மாற்றிச் சொல்ல முடியாது. யார் கேட்கிறார், யாரைக் கேட்கிறார் என்பதே அதில் காணாமல் போய்விடுகிறது. அது மரியாதையான தமிழும் அன்று. ஆங்கில அலுவலகக் கடிதத்தின் செயப்பாட்டுவினையை அப்படியே பெயர்த்ததுதான்.

அன்று மாலையே இரண்டையும் எடுத்துவிட்டு, ஒரே அறிவிப்பாக இப்படி எழுதினேன்:

“செவ்வாய்க்கிழமை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை குழாயில் தண்ணீர் வராது. மொட்டைமாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்கிறோம். தேவையான தண்ணீரைக் காலை 9 மணிக்கு முன்பே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வராத நேரத்தில் ஹீட்டரைப் போடாதீர்கள். தண்ணீர் மீண்டும் வரும்போது கலங்கலாக இருந்தால், தெளியும் வரை குழாயைத் திறந்து விடுங்கள்.”

இது முழுக்க எழுத்துத் தமிழ்தான். மாற்றியவை சிலவே. எப்போது, என்ன நடக்கும் என்பது முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிடுகிறது. தமிழில் வினை கடைசியில் வரும் என்பதால், காரணத்தை முன்னால் வைத்து நீட்டினால் ‘தண்ணீர் வராது’ என்பதற்காகப் படிப்பவர் நான்கு வரி காத்திருக்க வேண்டும். அதனால் காரணத்தைத் தனி வாக்கியமாகப் பிரித்து இரண்டாவதாக வைத்தேன். ‘நீர் விநியோகம் தடைசெய்யப்படும்’ என்பது ‘குழாயில் தண்ணீர் வராது’ என்று ஆனதும் பாட்டியின் கட்டணக் கவலைக்கு இடமில்லாமல் போயிற்று. ‘போடாதீர்கள்’ என்பதை அந்த மாணவி நிற்காமல் படித்தாள்.

பாதிவழியில் நிற்பது அடுத்த தவறு. எளிமையாக எழுதுவதாக நினைத்து, ‘தண்ணீரைப் பிடித்து வைத்துக்கோங்க, ஹீட்டரைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று இரண்டு நடைகளையும் ஒரே வரியில் கலப்பார்கள். படிப்பவருக்கு இது கவனக்குறைவாகவே தோன்றும். மூத்தோர் சிலருக்கு, தங்களைக் குழந்தைகளைப் போல் நடத்துகிறார்கள் என்றும் படும். ‘வாங்க, போங்க’ என்பது நேரில் மரியாதைதான். ஆனால் அலுவல் முத்திரைக்குக் கீழே அச்சில் வரும்போது அதற்கு அந்த எடை இருப்பதில்லை.

இளையர் நிகழ்ச்சிக்கான சுவரொட்டிகளில் இதைவிட மோசமான ஒன்றையும் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான் என்பதால், மொழிபெயர்ப்பவர் ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்று தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. துடிப்பாக இருக்கட்டும் என்று ‘வா, பதிந்துகொள்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒட்டுவது எல்லாரும் ஏறி இறங்கும் மின்தூக்கியில். எழுபது வயதுக்காரர் ஒருவர் அதன் முன்னால் நின்று ‘வா’ என்பதைப் படிக்க வேண்டியிருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையும் தன்னை ‘நீங்கள்’ என்று அழைத்தால் வருத்தப்படப் போவதில்லை.

சொல் தேர்வில் ஒன்றே ஒன்று. இங்கே வேரூன்றிய சொற்களைத் தமிழ்நாட்டு வழக்குக்காக விட்டுவிடக் கூடாது. தாதி, மின்தூக்கி, பலதுறை மருந்தகம் ஆகியவை இங்கே இரு தலைமுறைக்கும் தெரிந்தவை. பலதுறை என்ற அடைமொழியை மட்டும் சுருக்கத்துக்காக வெட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் மருந்தகம் என்றால் மருந்துக் கடை. மகனோடு தங்க வந்திருக்கும் தாய், மருத்துவரைப் பார்க்க மருந்துக் கடைக்குப் போய் நிற்பார். மத்திய சேமநிதி போன்ற பெயர்களுக்கு, மக்கள் வாயில் வழங்கும் ‘சிபிஎஃப்’ என்பதையும் பக்கத்தில் ஒரு முறை எழுதிவிட்டால் போதும்.

இனிப் பேச்சுத்தமிழ் எங்கே வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தவிர்ப்பதும் தவறு. செய்தி காதுக்குப் போகும் இடத்தில் அதுவே சரி. கீழ்த்தளத்தில் ஒலிபெருக்கியில் சொல்லும்போதும், தொலைபேசியில் கூப்பிட்டுத் தெரிவிக்கும்போதும், தொண்டூழியர் வீடு வீடாகப் போகும்போதும் அச்சிட்ட வரியை அப்படியே ஒப்பித்தால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அது செய்தி வாசிப்பு போலத்தான் கேட்கும். தமக்குச் சொல்லப்படுவதாகவே அவர் உணர மாட்டார். அதே வாட்ஸ்அப் குழுவிலும், எழுத்தாக அனுப்பினால் எழுத்துத் தமிழ், குரல்பதிவாக அனுப்பினால் பேச்சுத்தமிழ்.

தொண்டூழியருக்கு நான் பேச்சுத்தமிழில் முழு உரை எழுதிக் கொடுப்பதில்லை. அதையும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். நாள், நேரம், தண்ணீர் பிடித்து வைப்பது, ஹீட்டர், கலங்கல் தண்ணீர் என ஐந்து குறிப்புகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, அவரவர் வாயில் வருகிறபடி சொல்லச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும், செவ்வாய்க்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்று பாட்டியிடமே கேட்கச் சொல்கிறேன். “எட்டு மணிக்கே ரெண்டு வாளி புடிச்சு வச்சிருவேன்” என்று பதில் வந்தால், அடுத்த வீட்டுக்குப் போகலாம்.