வீட்டுப்பாடம் கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு பின்னப் பாடத்தை வைத்து

ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களைக் கூட்டும் பாடம் நடக்கிறது. மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, "பயிற்சியில் இருக்கிற 20 கணக்கையும் போட்டுட்டு வாங்க" என்கிறார் ஆசிரியர். மறுநாள் நோட்டுகள் வருகின்றன, சிவப்பு மையில் டிக் விழுகிறது, கையெழுத்தும் தேதியும் போடப்படுகின்றன. எல்லாம் ஒழுங்காக நடந்த மாதிரிதான் தெரியும். ஆனால் இதற்குள் மூன்று தவறுகள் இருக்கின்றன: எதற்காக என்று முடிவு செய்யாதது, அளவை எண்ணிக்கையில் பார்த்தது, திருத்தியதோடு விட்டுவிட்டது.

முதலில் நோக்கம். அன்று வகுப்பில் பாதிப் பேருக்குப் பொதுப் பகுதி காண்பதே பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள்; தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி. வீட்டில் தனியாக உட்கார்ந்து அதே வழியில் 20 கணக்குப் போட்டால், அந்தத் தவறு அவளுக்கு 20 முறை பழகிப்போகும். மறுநாள் அதை அழித்துவிட்டுச் சரியானதைப் பதியவைப்பது, புதிதாகச் சொல்லிக்கொடுப்பதை விடக் கடினம். பயிற்சி என்பது ஏற்கெனவே ஓரளவு வருவதை உறுதியாக்க மட்டுமே உதவும். புரியாததைப் புரியவைக்கும் வேலையை வீட்டுக்கு அனுப்பினால், உதவ ஆள் இருக்கிற வீட்டில் அது அந்த ஆளின் கணக்காகும், இல்லாத வீட்டில் காலையில் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதியதாகும்.

அதனால் பாடத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கணக்கை வகுப்பிலேயே போடச் சொல்லிவிட்டு நடுவில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பெரும்பாலோர் சரியாகத் தொடங்கினால் பயிற்சி கொடுக்கலாம். இல்லையென்றால் அன்றைக்கு இந்தப் பாடத்தில் வீட்டுப்பாடம் வேண்டாம். போன மாதம் படித்த வேறொன்றை மறுபார்வைக்குக் கொடுங்கள்.

சரி, எவ்வளவு கொடுப்பது? நாம் 'பத்துக் கணக்கு', 'இரண்டு பக்கம்' என்று எண்ணுகிறோம். பிள்ளைக்கு அது நேரம். அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் பரவலாக்கிய ஒரு தோராய விதி உண்டு: வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கினால் வருவது ஒரு நாளைய வீட்டுப்பாட நிமிடங்கள். ஆறாம் வகுப்புக்கு 60 நிமிடம், அதுவும் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. இது அளந்து கண்ட எல்லை இல்லை, கைக்கணக்குதான். ஆனாலும் இந்த வயதில் தொடக்க வகுப்பு மாதிரி ஒரே ஆசிரியர் இல்லாமல் பாடத்துக்கு ஒருவர் வருகிறார் என்பதால் இது மிகவும் தேவை. ஐந்து பேர் ஆளுக்கு 'வெறும் இருபது நிமிடம்' கொடுத்தால் 100 நிமிடம் ஆகிவிடும். தான் அதிகமாகக் கொடுத்ததாக ஒருவருக்கும் தோன்றாது. கரும்பலகையின் ஒரு மூலையை இதற்கென ஒதுக்கி, கொடுப்பவர் நிமிடத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மூன்றாவதாக வருபவருக்கு நிலைமை தெரியும். நிமிடத்தையும் உங்கள் வேகத்தில் கணிக்காதீர்கள். வகுப்பில் போடவைத்த அந்த இரண்டு கணக்குக்கு நடுத்தர வேகப் பிள்ளைக்கு ஆன நேரம்தான் அளவுகோல்.

பின்னக் கூட்டலுக்கு 20 நிமிடம் ஒதுக்கினால், நான் கொடுப்பது ஆறு கேள்விதான். முதலில் 2/7 + 3/7. இது ஓரினப் பின்னம். இங்கேயும் பகுதியை 49 ஆக்கிக்கொண்டு வருகிற பிள்ளை செய்முறையைத்தான் பிடித்திருக்கிறது, விஷயத்தை இல்லை. அடுத்து 1/2 + 1/3. மூன்றாவது 1/4 + 3/8. இதில் ஒரு பகுதி மற்றதன் மடங்கு. நான்காவது, 4/5 + 5/8 என்பது 1-ஐ விடப் பெரியதா என்று கூட்டாமலே சொல்ல வேண்டும். இரண்டும் பாதியைத் தாண்டியவை என்று பார்த்தால் போதும். ஐந்தாவது, '2/3 + 1/4 = 3/7 என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது ஏன் சரியாக இருக்க முடியாது?' என்பது. ஆறாவது, இரண்டு மூன்று வாரம் முன்பு முடிந்த பாடத்திலிருந்து ஒன்று. ஒரே மாதிரிக் கணக்கு வரிசையாக வந்தால், எந்த வழியைப் பிடிப்பது என்று பிள்ளை யோசிக்கவே வேண்டியதில்லை. இப்படிக் கலந்து கொடுத்தால் ஒவ்வொன்றிலும் யோசித்தே ஆக வேண்டும்.

இனி திருத்துவது. வகுப்பில் 35 நோட்டு இருந்தால் 210 விடைகள். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். விடைகளைப் பலகையில் எழுதினால் மற்றவற்றை மாணவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள். நீங்கள் மூன்றாவது கணக்கை மட்டும் பார்த்து நோட்டுகளைப் பிரித்து வையுங்கள்.

1/4 + 3/8-க்கு 4/12 என்று எழுதியவர் பின்னத்தை இரண்டு தனித்தனி எண்ணாகப் பார்க்கிறார். 4/8 என்று எழுதியவர் பொதுப் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் தொகுதியை மாற்றவில்லை. இருவருக்கும் ஒரே சிவப்புக் கோடு போட்டால், பாதி வழி வந்துவிட்டவருக்கும் தொடங்கவே இல்லாதவருக்கும் ஒரே செய்தி போகிறது. அப்புறம் 20/32 என்று ஒருவர் எழுதியிருப்பார். நான்கையும் எட்டையும் பெருக்கிப் பொதுப் பகுதி எடுத்திருக்கிறார். விடை சரிதான், சுருக்கவில்லை, அவ்வளவுதான். அவசரத்தில் இதைத் தவறு என்று அடித்துவிடுகிற ஆசிரியர்கள் நிறைய.

4/12 எழுதியவருக்கு '3/8-ஓடு இன்னொரு பின்னத்தைக் கூட்டியிருக்கிறாய். உன் விடை 3/8-ஐ விடப் பெரியதா?' என்று எழுதலாம். 4/12 என்பது 1/3. அது 3/8-ஐ விடச் சிறியது. படம் போட்டுப் பார்த்தால் அவரே கண்டுபிடிப்பார். 4/8 எழுதியவருக்கு '1/4-ல் எத்தனை எட்டில் ஒரு பங்கு இருக்கிறது?' என்ற ஒரு வரி போதும். 'நன்று', 'கவனம் தேவை' என்று எழுதுவதால் யாரும் எதையும் மாற்றிச் செய்யப்போவதில்லை.

இந்தக் குறிப்புக்குப் பக்கத்தில் மதிப்பெண் போடாதீர்கள். 1988-ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 5, 6-ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த பணியில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அது வீட்டுப்பாடத்தை வைத்துச் செய்த ஆய்வு இல்லை. ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பிள்ளைகள் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைப்பதை வகுப்பில் நிற்கிற யாரும் கவனித்திருப்பார்கள்.

குறிப்பு எழுதியதோடும் வேலை முடியாது. அடுத்த பாடவேளையின் முதல் ஏழெட்டு நிமிடத்தை அதற்கே கொடுங்கள். குறிப்பைப் படித்து, பழைய விடையை அழிக்காமல் கீழேயே மறுபடி செய்ய வேண்டும். சரியாக முடித்தவர்களுக்கு விடை 5/8 வருகிற வேறு இரண்டு கூட்டல்களை உருவாக்கச் சொல்லலாம். அந்த நேரத்தை ஒதுக்க முடியாத நாளில் ஆறுக்குப் பதில் மூன்று கேள்வி கொடுப்பதே மேல்.

நோட்டைப் பிரிக்கும்போதே 4/12 அடுக்குதான் பெரிதாக இருக்கிறது என்றால் குறிப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பேனாவை மூடிவிட்டு, நாளை அந்தப் பாடத்தைத் தாள் மடித்துக் காட்டி முதலிலிருந்து எடுங்கள். அன்று இரவுக்கு இதில் வீட்டுப்பாடம் கிடையாது.