ஸ்கிராபிள்ல முத வார்த்தைய எப்படி தேர்வு பண்றது: ஒரே ஒரு ரேக்க வச்சு பாக்கலாம்

போன ஞாயித்துக்கிழமை முத்தியால்பேட்டைல அக்கா வீட்டு மொட்டமாடில ஆடினோம், அக்கா பையனுக்கு வந்த ஏழு எழுத்து இது: ஏ, இ, கே, ஓ, ஆர், எஸ், டபிள்யூ. போர்டு காலி, முத ஆட்டம் அவனோடது. உடனே டபிள்யூ-ஆர்-இ-ஏ-கே-எஸ், அதாவது 'ரீக்ஸ்'னு அடுக்கி "மாமா, 36 பாயிண்ட்!"னான். கணக்கு சரிதான், ஆனா வைக்க விடல.

முதல்ல பாயிண்ட். நடு கட்டத்துல டபிள்யூ வச்சு வலதுபக்கமா போனா கே டபுள் லெட்டர்ல விழும், 5 இருந்தது 10 ஆகும், மொத்தம் 18, முத வார்த்தைன்றதால ரெண்டு மடங்கு, 36. எஸ் இல்லாம 'ரீக்' மட்டும் வச்சா 34. இன்னொன்னு டபிள்யூ-ஓ-கே, 'வோக்', அதுக்கு 20தான்.

ரெண்டாவது, ரேக்குல என்ன மிச்சம். ரீக்ஸ் வச்சா ஓ மட்டும் நிக்கும், ரீக் வச்சா ஓவும் எஸ்ஸும். அந்த ரெண்டு பாயிண்டுக்காக எஸ்ஸ கழட்டிவிடவே கூடாதுங்க, 100 டைல்ல எஸ் மொத்தமே 4, ஏழு டைலும் எறக்கி 50 போனஸ் வாங்கறதுக்கு அதுமாதிரி உதவுற எழுத்து பிளாங்க்க விட்டா வேற இல்ல. எஸ் போட்டா குறைஞ்சது 8 பாயிண்டாவது கூட வரணும், நான் வச்சிருக்க அளவு அதுதான். வோக்குக்கு அப்புறம் ஏ, இ, ஆர், எஸ் நிக்கும், ரொம்ப அழகான மிச்சம், ஆனா அதுக்காக 14 பாயிண்ட் விடறது ஜாஸ்தி.

மூணாவது, எதிராளிக்கு என்ன தொறக்குது. இங்கதான் நெறைய பேர் பாக்காம விடறாங்க. நடுவுலேர்ந்து வலதுபக்கம் ரீக் வச்சா அதுக்கப்புறம் சரியா மூணு கட்டம், கடைசி கட்டம் ட்ரிபிள் வேர்ட். எதிராளி கைல ஐ, என், ஜி இருந்தா 'ரீக்கிங்' ஆக்கி 48 அள்ளிடுவார். அதுக்கு பயந்து இடதுபக்கம் தள்ளி, கே நடுவுல வர்ற மாதிரி வச்சா டபிள்யூ டபுள் லெட்டர்ல விழுந்து 32 கிடைக்கும், ட்ரிபிள் எட்டாது. ஆனா அப்போ ஏ-க்கு நேர் மேலயும் கீழயும் டபுள் லெட்டர் கட்டம் வருது, ஹெச் வச்சிருக்கவர் கீழ ஒட்டி ஏ-ஹெச்னு வச்சா அந்த ஹெச் குறுக்கயும் நெடுக்கயும் ரெண்டு தடவ 8 குடுக்கும். வலதுபக்கம் வச்சா அந்த கட்டம் ஆர்-ஐ ஒட்டி வரும், அங்க பெருசா ஒன்னும் ஒட்டாது.

மூணு குறிப்பிட்ட எழுத்து ஒரே கைல சேர்றது அபூர்வம், ஒரு ஹெச் இருக்கறது அப்படியில்ல. அதனால எனக்கு 34தான் சரின்னு பட்டுச்சு. ஒன்னு ஞாபகம் வச்சுக்கணும், ரீக் முடிவுல எஸ் ஒட்டற கட்டம் எதிராளிக்கும் தொறந்துதான் இருக்கு, நம்ம கைல எஸ் இருக்கறதால அடுத்த ஆட்டத்துலயே அத பாக்கணும்.

அவன் எஸ்ஸ திரும்ப ரேக்குல வச்சுட்டு பைல கைய விட்டு அஞ்சு டைல் எடுத்தான்.